இயர்பட் பெட்டியின் காந்தமும் உடலுக்குள் பொருத்திய கருவிகளும்

கம்பியில்லா இயர்பட்டுகளை வைத்து மூடும் சிறிய பெட்டியின் மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்கும், இயர்பட்டுகள் தமக்குரிய குழிகளில் பிசகாமல் போய் அமர்வதற்கும், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அவை விழாமல் இருப்பதற்கும் அதனுள் பதிக்கப்பட்டுள்ள நியோடிமியம் காந்தங்களே காரணம். நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தக் காந்த வகை 1980களில் உருவாக்கப்பட்டது. பழைய கறுப்பு நிறக் காந்தங்களைவிடப் பன்மடங்கு வலுவுடையது என்பதால், அரிசி மணியளவு துண்டே ஒரு மூடியை இழுத்து மூடப் போதுமானதாகிறது. ஹெட்போனிலும் இயர்போனிலும் காந்தத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. ஒலிக்கேற்ப மாறும் மின்சாரம் ஒரு மெல்லிய கம்பிச் சுருளில் பாயும்போது, அருகிலுள்ள நிலைக்காந்தம் அந்தச் சுருளை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுருளோடு ஒட்டிய சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. ஆகவே காந்த மூடியுள்ள பெட்டி இல்லாத எளிய இயர்போனிலும் ஒலியை எழுப்பும் காந்தம் பெரும்பாலும் இருக்கும்.

இத்தகைய பொருள்கள், நெஞ்சில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சிச் சிகிச்சைக் கருவியோ பொருத்தப்பட்டவர்களுக்கும், தலையில் நீர்வடிப்பு வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் தீங்கு செய்யுமா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. எந்தக் கருவி, அது உடலின் எந்த இடத்தில் உள்ளது, காந்தம் அதற்கு எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும்.

காந்தத்தை உணர்வதற்கென்றே அமைந்த கருவிகள்

பேஸ்மேக்கர் என்பது இதயத்துடிப்பு குறைந்தாலோ இடையில் நின்றாலோ சிறு மின்துடிப்பு கொடுத்து இதயத்தைத் துடிக்கச் செய்யும் கருவி. ஐ.சி.டி. எனப்படும் அதிர்ச்சிச் சிகிச்சைக் கருவி அதற்கும் ஒரு படி மேலானது. இதயத்தின் கீழறைகள் உயிருக்கு ஆபத்தான வேகத்தில் துடிக்கத் தொடங்கினால் அதைக் கண்டறிந்து, வலுவான மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புப் படலத்துக்கும் கீழாகப் பொருத்தப்படுகின்றன.

காந்தம் இக்கருவிகளைப் பாதிப்பது வடிவமைப்பில் நேர்ந்த பிழையன்று. மருத்துவர்களின் தேவைக்காகத் திட்டமிட்டே வைக்கப்பட்ட வசதி அது. அறுவைச் சிகிச்சையின்போது திசுக்களை வெட்டவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் மின்கத்தி பயன்படுத்தப்படும். அதிலிருந்து எழும் மின்சலனத்தை ஐ.சி.டி. ஆபத்தான துடிப்பு என்று தவறாக எண்ணி, தேவையின்றி அதிர்ச்சி கொடுத்துவிடக்கூடும். அதைத் தடுக்க மருத்துவர்கள் வளைய வடிவக் காந்தம் ஒன்றை நோயாளியின் நெஞ்சில் கருவிக்கு நேர்மேலே வைக்கிறார்கள். காந்தம் இருக்கும்வரை ஐ.சி.டி. ஆபத்தான துடிப்பைத் தேடுவதை நிறுத்தி வைக்கிறது. பேஸ்மேக்கரின் மேல் அதே காந்தத்தை வைத்தால், அது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 85 அல்லது 100 என்பது போலத் தயாரிப்பாளர் வகுத்த நிலையான வேகத்தில் துடிப்புக் கொடுக்கத் தொடங்கும். பேட்டரி தீரும் நிலைக்கு வரும்போது இந்த வேகம் மாறுவதால், பேட்டரியின் நிலையை அறியவும் இது உதவுகிறது.

இந்த மாற்றத்தைத் தூண்டும் உணரி, பழைய கருவிகளில் ரீட் சுவிட்ச் எனப்படும் எளிய அமைப்பாக இருந்தது. சிறு கண்ணாடிக் குழலுக்குள் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள் சற்றே இடைவெளி விட்டு நிற்கும். காந்தப்புலம் போதிய வலுவுடன் வந்தால் அவை ஒன்றையொன்று தொட்டு மின்சுற்றை மூடும். புதிய கருவிகள் பலவற்றில் காந்தப்புலத்தை மின்னளவாக மாற்றும் சில்லு அந்த வேலையைச் செய்கிறது. எந்த வகையாயினும், தன்னை நெருங்கியது மருத்துவரின் வளையமா இயர்பட் பெட்டியா என்று பிரித்தறியும் திறன் உணரிக்குக் கிடையாது. புலத்தின் வலிமை மட்டுமே அதற்குத் தெரியும்.

அந்த வலிமைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் அலகுகளில் ஒன்று காஸ். 10 காஸ் சேர்ந்தது 1 மில்லிடெஸ்லா. 10 காஸ் வரையிலான நிலையான காந்தப்புலத்தில் இதயக் கருவிகள் தம் இயல்பு மாறாமல் இயங்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 14117 என்னும் சர்வதேசத் தரநிலை கூறுகிறது. அந்த அளவைத் தாண்டினால் கருவி கட்டாயம் மாறிவிடும் என்பது இதன் பொருளன்று. மாறாது என்ற உத்தரவாதம் அந்த இடத்தோடு முடிகிறது என்பதே பொருள். ஆகவே எவ்வளவு தூரம் என்ற கேள்வி, ஒரு பொருளின் காந்தப்புலம் எந்தத் தூரத்தில் 10 காஸுக்குக் கீழே இறங்குகிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

தூரம் கூடினால் புலம் எவ்வாறு குறைகிறது

ஒவ்வொரு காந்தத்துக்கும் இரண்டு துருவங்கள் உண்டு. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது, ஒரு துருவத்தின் விளைவை எதிர்த்துருவம் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. எஞ்சும் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும், மும்மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்காகும். விளக்கின் வெளிச்சம் தூரத்தோடு குறைவதைக் காட்டிலும் இந்த வீழ்ச்சி மிக விரைவானது.

இதை ஒரு கணக்கால் காணலாம். 6 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு நியோடிமியம் வட்டை எடுத்துக்கொண்டால், அதன் முகத்தின் நடுவில் புலம் ஏறத்தாழ 3,600 காஸ் இருக்கும். அந்த முகத்துக்கு நேரே 1 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அது 80 காஸாகவும், 2 சென்டிமீட்டரில் 12 காஸாகவும், 3 சென்டிமீட்டரில் 4 காஸாகவும், 5 சென்டிமீட்டரில் 1 காஸுக்கும் கீழாகவும் இறங்கிவிடும். 15 சென்டிமீட்டரில் எஞ்சுவது 0.03 காஸ் அளவே. தமிழ்நாட்டில் பூமியின் சொந்தக் காந்தப்புலமே ஏறத்தாழ 0.4 காஸ் இருப்பதால், அந்தத் தூரத்தில் இந்த வட்டின் புலம் பூமியினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பெட்டிக்குள் ஒரு காந்தம் மட்டும் இருப்பதில்லையே என்ற ஐயம் இங்கு எழலாம். அத்தகைய நான்கு வட்டுகள் ஒரே இடத்தில் ஒரே திசை நோக்கி அமைந்திருப்பதாக, அதாவது மிக மோசமான நிலை என்று கொண்டாலும், 10 காஸ் எல்லை 2 சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டருக்கு நகர்கிறது, அவ்வளவே. காந்தத்தின் வலுவை நான்கு மடங்காக்கியும் ஆபத்தான எல்லை இரு மடங்குகூட ஆகவில்லை. மும்மடி விதியின் இந்த இயல்பால்தான், வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் ஹெட்போன்களுக்கும் தனித்தனித் தூரம் கணக்கிடாமல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அளவைப் பரிந்துரைக்க முடிகிறது. அதே விதிக்கு மறுபக்கமும் உண்டு. 1 சென்டிமீட்டரில் 80 காஸ் என்பது எல்லையைப் போல எட்டு மடங்கு. தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் சிறிய காந்தமும் ஐ.சி.டி.யை நிறுத்தி வைக்கப் போதுமானதாக இருக்கலாம். துணி, தோல், பிளாஸ்டிக், உடல் திசு ஆகிய எவையும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. தூரம் ஒன்றே அதற்குத் தடை.

ஆய்வுகள் காட்டியவை

கணக்கு சொல்வதையே நோயாளிகளிடம் செய்த சோதனையும் காட்டியது. பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த வில்லியம் மைசலும் அவருடைய குழுவினரும், எம்.பி.3 கருவிகளோடு பயன்படும் 8 வகை ஹெட்போன்களை 60 நோயாளிகளின் நெஞ்சில் கருவிக்கு நேர்மேலே வைத்துப் பார்த்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். 60 பேரில் 14 பேரிடம் கருவியின் இயக்கம் மாறியது. பேஸ்மேக்கர் உள்ள 27 பேரில் 4 பேரிடமும், ஐ.சி.டி. உள்ள 33 பேரில் 10 பேரிடமும் அது நேர்ந்தது. தோலிலிருந்து 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ ஹெட்போனைத் தள்ளி வைத்தபோது எந்தக் கருவியும் பாதிக்கப்படவில்லை. இசை ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதோ, கம்பி எதனோடாவது இணைந்திருக்க வேண்டும் என்பதோ இல்லை. நிலைக்காந்தம் என்பதால் அணைத்து வைத்த ஹெட்போனும் அதே விளைவைத் தரும்.

2021இல் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை மருத்துவர்கள், பின்புறத்தில் காந்த வளையம் கொண்ட ஐபோன் 12ஐ ஒரு நோயாளியின் நெஞ்சருகே கொண்டுவந்தபோது அவருடைய ஐ.சி.டி. சிகிச்சையை நிறுத்தி வைத்ததைப் பதிவு செய்தனர். அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் சொந்த அளவீடுகளுக்குப் பின், வலுவான காந்தமுள்ள கைப்பேசி, கைக்கடிகாரம் போன்ற பொருள்களைப் பொருத்திய கருவியிலிருந்து 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர், தள்ளி வைக்குமாறு அறிவுறுத்தியது. 2022இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஏர்பாட்ஸ் ப்ரோவின் சார்ஜிங் பெட்டியையும் காந்தமுள்ள இரு மின்பேனாக்களையும், ஐ.சி.டி.களுக்கு அருகே கொண்டுவந்து சோதித்தனர். சுமார் 2 சென்டிமீட்டருக்குள் வந்தபோது கருவிகள் காந்த நிலைக்கு மாறின.

இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால் 15 சென்டிமீட்டர் என்ற அளவின் தன்மை விளங்கும். உண்மையில் கருவி மாறும் தூரம் 2 அல்லது 3 சென்டிமீட்டர். பரிந்துரைக்கப்படுவதோ அதைப்போல ஐந்து மடங்கோ அதற்கு மேலோ. ஒருவர் அளவுகோல் வைத்துக்கொண்டு வாழ்வதில்லை, திரும்பிப் படுக்கும்போதும் குனியும்போதும் பொருள்கள் நகர்ந்துவிடுகின்றன, பெட்டியின் எந்த மூலையில் காந்தம் உள்ளது என்று வெளியிலிருந்து தெரிவதில்லை. இவற்றையெல்லாம் தாங்கும் அளவுக்கு அந்த எல்லை தாராளமாக உள்ளது. ஆகவே 14 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டதே என்று ஒருவர் பதற வேண்டியதில்லை. நெஞ்சோடு ஒட்டியிருப்பதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

எந்தப் பழக்கம் ஆபத்து, எது ஆபத்தில்லை

இயர்பட்டைக் காதில் அணிந்து கேட்பதால் இதயக் கருவிக்குத் தீங்கில்லை. காதுக்கும் காறை எலும்பின் அடியில் உள்ள கருவிக்கும் இடையே பொதுவாக 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பதோடு, ஓர் இயர்பட்டின் காந்தமும் மிகச் சிறியது. புளூடூத் அலைகளைக் குறித்த அச்சமும் இங்கே பொருந்தாது. அவை மிகக் குறைந்த திறனில் பரவும் ரேடியோ அலைகள், காந்த உணரியைத் தூண்டுபவை அல்ல.

ஆபத்து, காதிலிருந்து எடுத்த பிறகே தொடங்குகிறது. நம்மூரில் தைக்கும் ஆண்கள் சட்டையில் பை இடது நெஞ்சில்தான் இருக்கிறது. பேஸ்மேக்கரும் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே இருப்பதால், இயர்பட் பெட்டியையும் கைப்பேசியையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம், குனியும்போதோ சாய்ந்து படுக்கும்போதோ காந்தத்தைக் கருவியின் மேலேயே கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் வகையில் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காந்தம் வைத்திருப்பார்கள்; காதிலிருந்து எடுத்ததும் அவை நேராக மார்பில் தொங்குகின்றன. பெரிய ஹெட்போனைக் கழுத்தில் இறக்கி மாட்டிக்கொள்வதும், பாட்டுக் கேட்டபடியே உறங்கிப் போய் இயர்பட் படுக்கையில் உருள்வதும், ஹெட்போன் அணிந்த குழந்தை தாத்தாவின் நெஞ்சில் தலைசாய்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னதில் காந்தம் நோயாளியுடையதே அன்று என்பதால், வீட்டிலுள்ள மற்றவர்களும் இதை அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சட்டைப் பைக்கு மாற்றாகக் கால்சட்டைப் பையிலோ கைப்பையிலோ பெட்டியை வைத்துக்கொண்டால் போதுமானது. கைப்பையைத் தோளில் மாட்டுவதாயின் கருவி இல்லாத பக்கத்துத் தோளில் மாட்டுவது நல்லது. கம்பியில்லா முறையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது காந்தத்தோடு மாறுமின்காந்தப் புலமும் சேர்ந்துகொள்வதால், ஆப்பிள் நிறுவனம் அந்த நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்குமாறு கூறுகிறது. சார்ஜிங் தட்டைத் தலையணையின் அருகே வைக்காமல் எட்ட ஒரு மேசையில் வைத்தால் இதுவும் தானாகவே நிறைவேறிவிடும்.

காந்தம் விலகியதும் பொதுவாக இதயக் கருவி முந்தைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். நிலையான சேதம் ஏதும் நேர்வதில்லை. ஆயினும் இடைப்பட்ட நேரத்தில் நிகழ்வது இரு கருவிகளிலும் வேறுபடுகிறது. பேஸ்மேக்கர் மாறினால் இதயத்தின் சொந்தத் துடிப்போடு கருவியின் துடிப்பும் கலந்து, படபடப்பு அல்லது தலைசுற்றல் போன்ற ஏதேனும் உணர்வு தோன்றலாம். ஐ.சி.டி. மாறினால் நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. சில வகைகள் காந்தத்தை உணர்ந்ததும் பீப் ஒலி எழுப்பும், மற்றவை மௌனமாகவே இருக்கும். அந்த நிமிடங்களில் ஆபத்தான துடிப்பு தோன்றினால் மட்டுமே குறை வெளிப்படும். அப்போது கிடைக்க வேண்டிய மின்அதிர்ச்சி கிடைக்காமல் போகும். அறிகுறி இல்லாததைப் பாதுகாப்பு என்று ஐ.சி.டி. பொருத்தியவர்கள் கொள்ளக் கூடாது. நெஞ்சிலிருந்து பீப் ஒலி கேட்டால், அருகிலுள்ள மின்னணுப் பொருளை உடனே விலக்க வேண்டும். விலக்கிய பின்னும் ஒலி நிற்காவிட்டாலோ மறுபடி கேட்டாலோ வேறு காரணம் இருக்கலாம் என்பதால் மருத்துவரை அணுக வேண்டும்.

தலையில் உள்ள வால்வு: விதி தலைகீழாகும் இடம்

மூளையைச் சூழ்ந்துள்ள நீர் வடியாமல் தேங்கும் நோயில், அதிகப்படியான நீரை வயிற்றுக்கு வடித்துவிடும் மெல்லிய குழாய் ஒன்று தோலுக்கு அடியில் பொருத்தப்படுகிறது. அதன் வழியில் உள்ள வால்வு, எவ்வளவு அழுத்தத்தில் நீர் வடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சரிசெய்யக்கூடிய வால்வுகளில் சிறு காந்தங்கள் பதித்த ஒரு சுழலி இருக்கும். மருத்துவர் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்யாமல், வெளியிலிருந்து ஒரு காந்தக் கருவியால் அதைத் திருப்பி அழுத்த அளவை மாற்றுகிறார். இந்த வால்வு பெரும்பாலும் காதுக்குப் பின்னால் தலைத்தோலுக்கு அடியில் இருக்கிறது. ஹெட்போனின் ஒலிபெருக்கி அமரும் இடத்துக்கு மிக அருகே.

இதயக் கருவி உள்ளவருக்குப் பாதுகாப்பானதான காதில் அணிதல், வால்வு உள்ளவருக்கு ஆபத்தாகக்கூடியது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. காந்தம் விலகியதும் இதயக் கருவி பழைய நிலைக்குத் திரும்புகிறது. சுழலியோ திருப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. சில வினாடி நெருக்கத்தின் விளைவு பல நாட்கள் நீடிக்கலாம். 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், 4 மாதக் குழந்தை ஒன்றின் வால்வு அமைப்பு, தாய் கையில் வைத்திருந்த ஐபேட் 2இன் காந்தத்தால் மாறியதாகக் கருதி, அதைச் சோதித்துப் பதிவு செய்தனர். 1 சென்டிமீட்டருக்குள் வைத்த சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அமைப்பு மாறியது, இரண்டரை சென்டிமீட்டருக்கு அப்பால் ஒன்றில்கூட மாறவில்லை. காந்தமுள்ள பொருள்களை வால்வு உள்ள இடத்திலிருந்து குறைந்தது 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர், தள்ளி வைக்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூறுகிறது.

காது முழுவதையும் மூடும் ஹெட்போனில் இந்த 5 சென்டிமீட்டரைக் காப்பது கடினம். வால்வு உள்ள பக்கத்தைத் தவிர்த்து, மறுகாதில் மட்டும் ஒற்றை இயர்பட் அணிவது எளிய வழி. வெளிக்காந்தத்துக்கு அசையாதபடி பூட்டும் அமைப்பு கொண்ட புதிய வால்வுகளும் இருப்பதால், தமக்குப் பொருத்தியது எந்த வகை என்பதைக் கருவி அட்டையைப் பார்த்தோ மருத்துவரைக் கேட்டோ தெரிந்துகொள்ள வேண்டும். அமைப்பு மாறியதை உடல் சில அறிகுறிகளால் காட்டலாம்: நீர் குறைவாக வடிந்தால் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் ஆகியவை தோன்றலாம், அதிகமாக வடிந்தால் எழுந்து நிற்கும்போது தலைவலி கூடிப் படுத்தால் குறையலாம். இவ்வறிகுறிகள் கண்டால், அண்மையில் தலையருகே காந்தமுள்ள பொருள் எதுவும் வந்ததா என்பதையும் மருத்துவரிடம் கூற வேண்டும். வால்வின் தற்போதைய நிலையை அளவுக் கருவியாலோ எக்ஸ்ரேயாலோ அவர் படித்தறிந்து, மாறியிருந்தால் அப்போதே திருத்திவிட முடியும்.

ஆக, இதயக் கருவிக்கு 15 சென்டிமீட்டர், கம்பியில்லாச் சார்ஜ் நடக்கும்போது 30 சென்டிமீட்டர், தலையிலுள்ள வால்வுக்கு 5 சென்டிமீட்டர் என்ற மூன்று அளவுகளும், கருவியைத் தயாரித்தவர் கொடுத்த கையேட்டில் இதைவிடக் கூடுதலான தூரம் குறிக்கப்படாதவரை, போதுமானவை. இயர்பட்டையும் ஹெட்போனையும் கைவிட வேண்டிய கட்டாயம் இதய நோயாளிக்கு இல்லை. அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது காந்தமுள்ள பொருள்களை நெஞ்சருகே வைக்கும் பழக்கத்தை மட்டுமே. வால்வு பொருத்தியவரோ, எந்தக் காதில் அணிவது என்பதை மருத்துவரோடு பேசித் தீர்மானித்த பிறகே அணிய வேண்டும்.